ஒரு வயசுக்குள்ள நிறை ஏறுற வேகம் ஏன் குறையுது? கேளுங்க, சொல்றன்

26 வருஷம் மட்டக்களப்புப் பக்கம் கிளினிக்ல பிள்ளை நிறுத்த மிட்வைஃப் நான், இப்ப பென்ஷன். நிறையப் பத்தி மட்டும் கேளுங்க, மருந்து இங்க சொல்லமாட்டன்.

களுவாஞ்சிகுடி, 12 மாச மகள்: முதல் ஆறு மாசத்தில 4 கிலோ ஏறினவள், அடுத்த ஆறு மாசத்தில 1.6 தான் மிஸ். கார்ட்ல நிறைக் கோடு வளைஞ்சு படுக்குது. மாமி பால் பத்தல்ல எண்டு ஏசுறா.

மாமியக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தங்கச்சி. நீங்க போட்ட கார்ட் படத்தப் பாத்தன், பிறக்கக்க 3.0, மூணு மாசத்தில 5.6, ஆறில 7.0, ஒம்பதில 7.9, இப்ப 8.6. மூணு மூணு மாசமாக் கழிச்சுப் பாருங்க: 2.6, 1.4, 0.9, 0.7. இப்ப பொம்பிளப் பிள்ளைட கார்ட்ல அச்சடிச்சிரிக்கிற நடுக்கோட்டயும் அதே மாதிரிக் கழிச்சா 2.6, 1.5, 0.9, 0.7 தான் வரும். கார்டே வளைஞ்சுதான் இரிக்கு, உங்கட மகள் அதுக்குக் கொஞ்சம் கீழால சேந்து போறாள், அவ்வளவுதான். மாசத்துக்கு எத்தின கிராம் எண்டு பழைய கணக்க வெச்சு அழாம, பக்கத்துக் கோட்டோட சேந்து போகுதா எண்டு பாருங்க.

வாழைச்சேனை: அது சரி மிஸ், ஏன் அப்படி? நல்லாச் சாப்பிட்டா அதே வேகத்தில வளரலாம்தானே?

முதல் மூணு மாச வேகத்திலயே போனா அந்தப் பிள்ளை அஞ்சு வயசில 55 கிலோ வந்திரும், பெருக்கிப் பாருங்க!

வயித்துக்குள்ள ஓடின ஓட்டம் பிறந்த உடன நிக்கிறல்ல, பாலும் இன்சுலின் மாதிரி ஹோர்மோன்களும்தான் அத இன்னும் கொஞ்ச மாசம் இழுத்துக்கொண்டு போகுது, அது நாளாக நாளாத் தேயும். முதல் வருஷத்திட பின் பாதியில மூளைக்கு அடியில இரிக்கிற பிட்யூட்டரி சுரப்பி விடுற வளர்ச்சி ஹோர்மோன் பொறுப்பெடுக்கும், அதுட ஓட்டம் ஆறுதலானது. ஒரு மாசப் பிள்ளை குடிக்கிற பால்ட சத்தில 40 வீதம் போல வளர்ச்சிக்கே போகும், ஒரு வயசில வெறும் 3 வீதம் போலதான். தலையையும் பாருங்க, முதல் வருஷத்தில சுத்தளவு 11 சென்டிமீட்டர் போல கூடும், ரெண்டாவதில 2 தான்.

ஆரையம்பதி: இதுக்கெல்லாம் ஹோர்மோன் ஏன் மிஸ், தவழ்ந்து ஓடுறதில நிறை கரையுது, என்ட மகனும் அப்படித்தான்.

பாதி சரி தம்பி, ஓடுற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடச் செலவுதான். ஆனா வேகம் குறையத் தொடங்கிறது மூணாம் நாலாம் மாசத்தில, அப்ப உங்கட மகன் மல்லாந்து கிடந்து காலத்தானே ஆட்டிக்கொண்டிருந்திருப்பார்?

கல்முனை: மகனுக்கு வயித்தோட்டம் வந்த. 8 மாசத்தில 8.4, 9ல 8.4, 10ல 8.5. இதுவும் அந்தக் குறையிற வேகம்தான் எண்டு மனசத் தேத்திக்கொண்டன்.

இல்ல ராத்தா, இது வேற. அந்த ரெண்டு மாசத்தில நடுக்கோட்டுப் பையன் 600 கிராம் போல ஏறுவான், உங்கட மகன் 100. வளையிற கோடு பக்கத்துக் கோட்டோட சேந்து வளையும், படுத்த கோடு கீழ் கோட்டப் பாத்து இறங்கும். தராசையும் கேளுங்க, ஒரு முறை ஈரப் பம்பஸோட, மறுமுறை வெறும் உடம்போட நிறுத்தா 200 கிராம் சும்மா மாறும், எனக்கே அப்படி ஏமாந்த நாள் இரிக்கு. தராசு சரியெண்டா சாப்பாட்டுக்கு வாங்க. வயித்தோட்டத்துக்குப் பிறகு கன பேர் தண்ணிக் கஞ்சியோடயே நிப்பாங்க, வயிறு நிறையும் சத்து இராது. கரண்டியச் சரிச்சா ஒழுகாத மாதிரி சோறும் பருப்பும் குழைச்சு, மீனோ முட்டையோ, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டுக் குடுங்க, தாய்ப்பாலும் நிப்பாட்டாதீங்க. ரெண்டு மாசம் போயிட்டு, அதால இந்தக் கிழமையே கிளினிக்ல காட்டுங்க. இன்னும் வயித்தால போகுது, சோந்து கிடக்கான் எண்டா கிளினிக் நாளப் பாக்காம ஆஸ்பத்திரிக்குத்தான்.

அக்கரைப்பற்று: மகன் பிறக்கக்க 4.1 கிலோ, மேல் கோட்டில. இப்ப 14 மாசம், 10.1, நடுவுக்கு வந்திட்டான். விழுந்திட்டானா?

பிறக்கக்க இரிக்கிற பருமன் உம்மாட வயித்துட கணக்கு, அதுக்குப் பிறகு ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை தாய் தகப்பன்ட உடம்புக்கேத்த கோட்டுக்கு மெல்ல வந்து சேரும், சிலது ஏறும் சிலது இறங்கும். ஆனா உங்கட மகன் அதுதான் எண்டு இந்த ரெண்டு இலக்கத்த வெச்சு என்னால சொல்ல ஏலாது. நடுவில மாசா மாசம் நிறுத்தது எவ்வளவு, நீளம் அளந்தாங்களா, நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு உயரம், வயித்தில இரிக்கக்க உங்களுக்குச் சீனி இருந்ததா? கார்ட முழுசாப் படம் எடுத்துப் போடுங்க, பாத்திட்டுச் சொல்றன்.