பல் உடைந்தால் கொடுங்காயமா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் குத்தியதில் அப்பாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. நெற்றியில் நான்கு தையல். பதினெட்டு நாளாகக் கடை திறக்கவில்லை. போலீஸ் 'சாதாரண காயம்' என்று 115(2) போட்டிருக்கிறார்கள். இது சரியா?

பல் உடைந்தது ஆவணத்தில் ஏறினால் 115(2) நிற்காது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 114ஆம் பிரிவுப்படி உடல் வலி, நோய், பலவீனம் எதை உண்டாக்கினாலும் அது காயம்தான். கொடுங்காயம் அப்படியல்ல. 116ஆம் பிரிவு எட்டு வகைகளைச் சொல்கிறது, அதில் ஒன்றிலாவது அடங்க வேண்டும். ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ இழப்பது, அதன் செயல்திறன் நிரந்தரமாகக் கெடுவது ஆகியவற்றுக்கு இங்கே வேலையில்லை. மீதி மூன்றைப் பார்ப்போம்.

ஏழாவது வகை, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது. உங்களுக்கு வலுவானது இதுதான். பல் வெறுமனே ஆடுகிறது என்றால் போதாது, உடைந்திருக்கவோ இடம் பெயர்ந்திருக்கவோ வேண்டும். எதிர்த்தரப்பு, 'அது ஏற்கெனவே சொத்தைப் பல்' என்று கட்டாயம் கேட்கும். ஆகவே பல் மருத்துவரின் எக்ஸ்ரேயும், புதிதாக உடைந்தது என்ற குறிப்பும் தேவை.

ஆறாவது, தலையோ முகமோ நிரந்தரமாக விகாரமாவது. தையல் எண்ணிக்கை இதற்குக் கணக்கே இல்லை. தழும்பு நிலைத்து, முகத்தோற்றத்தையே கெடுத்தால்தான் பேச முடியும்.

எட்டாவதில் உயிருக்கு ஆபத்தான காயமும் வரும்; அது இல்லாவிட்டால் 15 நாள் கடும் வலி, அல்லது அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாள், சம்பவம் 1.7.2024க்கு முன் என்றால் அந்தக் கணக்குதான். ஆனால் கடையைப் பூட்டி வைத்தது மட்டும் சான்றாகாது. முடியாமல்தான் திறக்கவில்லை என்று மருத்துவக் குறிப்பு சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு முதல் நாளிலேயே நேர்கிறது. அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதும்போது எக்ஸ்ரே வந்திருக்காது. 'சாதாரணம்' என்று விழுந்துவிடும். பல் மருத்துவரின் அறிக்கை, எக்ஸ்ரே ஆகியவற்றின் நகலை எழுத்து மனுவோடு விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இறுதிக் காயச் சான்றிதழ் கேட்டுப் பெறுவது அவர் வேலை. அதில் முறிவு உறுதியானால், பிரிவு மாற்ற அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பி, கொடுங்காயத்துக்கான 117(2) சேர்ப்பார்.

ஒன்று கவனியுங்கள். காயம் கொடியது என்பதோடு முடியாது. அடித்தவருக்கு அப்படிப்பட்ட காயம் உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகக்கூடும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். லேசாகத் தள்ளி விழுந்து பல் உடைந்தால் இதில் சிக்கல் வரும். முகத்துக்கு நேராகக் குத்தியவர், 'பல் உடையும் என்று தெரியாது' என்று சொல்வது எளிதல்ல.

115(2)க்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 117(2)க்கு ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். பிந்தையதும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், கைது நடந்தாலும் அன்றே வெளியே வந்துவிடலாம். சமரசமாகப் போக விரும்பினால் 117(2)க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.