வினையெச்சம் விழுங்கும் ‘நாம்’

அன்புள்ள ஐயா,

குர்ஆனின் தமிழாக்கம் ஒன்றைப் படித்துவருகிறேன். ஒரே வசனத்தில் இறைவன் ‘அவன்’ என்று தொடங்கி ‘நாம்’ என்று முடிகிறான். ‘நாம்’ என்றால் பலரா? எல்லாவற்றையும் ‘அவன்’ என்றே ஆக்கினால் என்ன? மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்கிறார் என் நண்பர்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரிடம் வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்கள். மாற்றம் அரபு மூலத்திலேயே இருக்கிறது. அரபு அணியியலில் அதற்கு ‘இல்திஃபாத்’ என்று பெயர். ‘நாம்’ பலரா என்பதற்கு, ஆணையிடும் அரசன் தன்னை ‘நாம்’ என்பதில்லையா, அது போதும்.

என் கோபம் வேறிடத்தில். மூத்த நண்பர் ஒருவரின் குர்ஆன் தமிழாக்கக் கைப்பிரதியை மெய்ப்புப் பார்த்தேன். தமிழ் ஆறாக ஓடியது. தன்மை வினை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் வேண்டுமென்று மாற்றவில்லை. நம் வினையெச்சம் செய்த வேலை அது.

ஃபாத்திர் அத்தியாயத்தின் 9ஆவது வசனத்தைப் பாருங்கள். ‘அர்சல’, அனுப்பினான், படர்க்கை. அடுத்து, காற்று மேகத்தைக் கிளப்புகிறது. உடனே ‘ஃபசுக்னாஹு’, அதை ஓட்டினோம்; ‘ஃபஅஹ்யைனா’, உயிர்ப்பித்தோம். இதை நாம் சரளமாக எழுதினால் என்ன ஆகும்? “காற்றை அனுப்பி, மேகத்தைக் கிளப்பி, வறண்ட நிலத்துக்கு ஓட்டி, பூமியை உயிர்ப்பிக்கிறான்.” அனுப்பி, கிளப்பி, ஓட்டி என்ற எச்சங்களுக்கு இடம் காட்டும் விகுதி கிடையாது. கடைசி முற்று எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் எழுவாயைத் தீர்மானிக்கிறது. ‘நாம்’ அங்கேயே செத்தது. போதாததற்கு, மேகத்தைக் கிளப்பும் வேலையும் காற்றிடமிருந்து பறிபோயிற்று.

மருந்து எளிது: முற்று வையுங்கள். “அல்லாஹ்தான் காற்றுகளை அனுப்பியவன். அவை மேகத்தைக் கிளப்புகின்றன. பின்னர் அதை இறந்துகிடக்கும் நிலத்துக்கு ஓட்டினோம். அதைக் கொண்டு பூமியை உயிர்ப்பித்தோம்.” ‘நாம்’ என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை, ‘-ஓம்’ விகுதி சுமந்துவிட்டது, அரபியில் ‘-னா’ சுமப்பதைப் போல. மேகத்தை ஓட்டுவதும் செத்த மண்ணை எழுப்புவதும் பேராற்றலின் சான்றுகள். அதனால்தான் அவற்றைத் தனக்கே உரியதாக்கும் தன்மைக்கு வாக்கியம் திரும்புகிறது என்று 12ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஸமக்ஷரி விளக்குகிறார். முழுக்க ‘அவன்’ ஆக்கினால் அந்தத் திருப்பம் போய்விடும். ஓரிடத்துக்கு வேறோர் இடம் வருவதை, அதாவது இடவழுவமைதியை, ஏற்ற நன்னூல் படித்தவர்களுக்கு இதில் என்ன கலக்கம்?

எல்லா இடத்திலும் விகுதி கைகொடுக்காது. 17ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம், தன் அடியாரை இரவில் அழைத்துச்சென்ற ‘அவன்’ தூயவன் என்று தொடங்கி, ‘நாம்’ சுற்றுப்புறத்துக்கு அருள்புரிந்த பள்ளிவாசலைச் சொல்லி, மீண்டும் ‘அவனே’ செவியுறுபவன் என்று முடிகிறது. ‘அருள்புரிந்த’ என்பது பெயரெச்சம். அதற்கும் விகுதி இல்லை. ‘நாம்’ இல்லாவிட்டால் அருள்புரிந்தது பள்ளிவாசல் என்று ஆகிவிடும். அங்கே ‘நாம்’ எழுதியே ஆகவேண்டும். ஆனால் தயவுசெய்து பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘அல்லாஹ்வாகிய’ என்று சேர்க்காதீர்கள்.