ஐம்பதில் ஜெர்மன், எல்.கே.ஜி.யில் ஆங்கிலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயதைப் பற்றியவை. எழுதும்போது எந்த மொழி, என்ன வயது, எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள் என்று பல தடவை சொல்லியாயிற்று. இன்னும் ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. மகன் ஜெர்மனியில் இருக்கிறான், மருமகள் அந்த ஊர்ப் பெண். பேரனோடு பேச ஜெர்மன் படிக்க ஆசை. பதின்மூன்று வயதுக்கு மேல் மூளை புது மொழியை ஏற்காது என்கிறார்களே? (தேவகோட்டை)

பதில்: அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. 1967-ல் லென்னபர்க் என்பவர், மொழி தானாகப் படியும் பருவம் பூப்பெய்தும் வயதோடு முடிகிறது என்று கருதினார். அது ஒரு கருதுகோள். 2018-ல் இணையத்தில் சுமார் ஆறே முக்கால் லட்சம் பேரிடம் ஆங்கில இலக்கணச் சோதனை நடத்திப் பார்த்தவர்கள், இலக்கணம் பிடிபடும் வேகம் பதினேழு வயது வரை குறையவில்லை, அதன் பிறகுதான் இறங்குகிறது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறிய 23 லட்சம் பேரின் மக்கள்தொகைக் கணக்கை 2003-ல் அலசியவர்களுக்கோ, திடீர் வீழ்ச்சி எந்த வயதிலும் தென்படவில்லை. வயது ஏற ஏறச் சீராகக் குறைந்துகொண்டே போனது. எல்லைக் கோடு எங்கே என்பதில் சண்டை ஓயவில்லை. வயது வந்தவருக்கு மொழி வரவே வராது என்று இரு தரப்பும் சொல்லவில்லை.

உங்களுக்கு உச்சரிப்பில் நம் ஊர் வாடை கடைசிவரை இருக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் தடுமாறும். சொற்கள் எந்த வயதிலும் ஏறும். பேரனோடு பேச இது தாராளம்.

கேள்வி: ஆங்கிலம் சரளமாகப் பேச எத்தனை மாதம் ஆகும்? (ஊர், வயது இல்லை)

பதில்: காரைக்குடியிலிருந்து ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? எந்த ஊர் என்று சொன்னால் சொல்கிறேன்.

கேள்வி: பிள்ளைக்கு நாலு வயது. எல்.கே.ஜி.யில் ஆங்கிலம் பதியாவிட்டால் பிறகு வராது, அதனால் வீட்டில் தமிழ் பேசாதீர்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. என்ன செய்வது? (காரைக்குடி)

பதில்: வீட்டில் தமிழ் பேசுங்கள். மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறுகிறது.

சின்ன வயதில் தொடங்கியவர்களே கடைசியில் மேலே நிற்கிறார்கள் என்ற முடிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1989 ஆய்வு, அமெரிக்காவில் குடியேறிய சீனர், கொரியர் 46 பேரைப் பற்றியது. ஏழு வயதுக்குள் வந்தவர்கள் இலக்கணச் சோதனையில் அந்நாட்டில் பிறந்தவர்களைப் போலவே செய்தார்கள். வந்த வயது கூடக் கூட மதிப்பெண் இறங்கியது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவும் கடையும் கூட்டாளியும் ஆங்கிலம்.

கணக்குப் போடுவோம். குடியேறிய பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அந்த மொழியில் புழங்கினாலே வருடத்துக்கு 2000 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நம் பள்ளியில் வாரத்துக்கு ஐந்து ஆங்கிலப் பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 120 மணி நேரம். அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தை எட்ட இங்கே பதினேழு வருடம் வேண்டும். ஆங்கில வழிப் பள்ளிதானே என்பீர்கள். ஜன்னல் ஓரம் நின்று கேளுங்கள்: பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கமும் அதட்டலும் தமிழில் நடக்கும். வகுப்பில் 35 பேர் இருந்தால், டீச்சர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது பீரியடுக்கு ஒரு நிமிடம்.

இந்த அளவு மணி நேரம்தான் என்றால் யார் முந்துகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா ஆய்வாளர்கள், எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொன்றில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு பாட நேரத்துக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். 200 மணி, 400 மணி, 700 மணி என்று எங்கே நிறுத்திப் பார்த்தாலும் பெரும்பாலான சோதனைகளில் பெரிய பிள்ளைகள்தான் முன்னால். 1978-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. நெதர்லாந்துக்குப் புதிதாக வந்து, சுற்றிலும் டச்சு கேட்டு வாழ்ந்த ஆங்கிலம் பேசுபவர்களில்கூட, வருட முடிவில் முன்னால் நின்றவர்கள் 12 முதல் 15 வயதுக்காரர்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்தான் குறைவு. கற்கும் வேகம் வேறு, கடைசியில் எட்டும் உயரம் வேறு. சின்னப் பிள்ளைக்கு உயரம் கிடைக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் கொடுத்தால்தான். அதைக் கொடுக்காத பள்ளிக்கு நாலு வயதைக் காட்டிப் பயமுறுத்த உரிமை இல்லை.

ஆயா சொல்லும் கதையை நிறுத்தினால் வீட்டில் கிடைக்கப்போவது பத்துப் பதினைந்து ஆங்கிலக் கட்டளைகள்: கம், சிட், ஈட். தமிழும் போய், ஆங்கிலமும் வராமல் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

கேள்வி: கொல்கத்தாவிலிருந்து வந்து காரைக்குடியில் வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 29. தமிழ் ஓரளவு பேசுகிறேன். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே காதில் விழுகின்றன. (தோழி எழுதிக் கொடுத்தது)

பதில்: வங்காளியில் ள-வும் ழ-வும் கிடையாது. தாய்மொழியில் இல்லாத ஒலி வேறுபாடுகளைக் குழந்தையின் காது ஒரு வயதுக்குள்ளேயே பொருட்படுத்தாமல் விட ஆரம்பித்துவிடுகிறது. ஆனாலும் பயிற்சியால் நன்றாகவே மீட்கலாம். ஆங்கில ஆர், எல் ஒலிகளைக் குழப்பிக்கொள்ளும் ஜப்பானியர்களுக்கு 1991-ல் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சரியாகக் கண்டுபிடிப்பது நூற்றுக்கு எட்டுப் போல உயர்ந்தது. பின்னால் நீண்ட பயிற்சி கொடுத்தபோது, பேசச் சொல்லித் தராமலே அவர்கள் உச்சரிப்பும் தெளிந்தது. பல குரல்களில் கேட்டதுதான் சூட்சுமம். ஒரே குரலில் பழகியவர்களுக்குப் புதுக் குரல் வந்தால் பழைய தடுமாற்றம்தான்.

முதலில் ல, ள மட்டும் எடுங்கள். புலி-புளி, கலை-களை, வலி-வளி, பல்லி-பள்ளி என்று இருபது ஜோடி. வங்கியில் ஐந்தாறு பேரிடம், ஆணும் பெண்ணுமாக, போனில் பதிவு செய்யுங்கள். ஹெட்போனில் கலைத்துப் போட்டுக் கேட்டு, எது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் உடனே விடையைப் பாருங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். மூன்றாம் வாரம் பயிற்சியில் இல்லாத ஒருவர் குரலில், புது ஜோடிகளைக் கேளுங்கள். நூற்றுக்கு ஐம்பது என்றால் அது வெறும் ஊகம். எண்பதுக்கு மேல் வந்தால் காது பிடித்துவிட்டது.

ழ-வைப் பிறகு சேர்க்கும்போது ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கம் பாதிப் பேர் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களிடம் பதிவு செய்துவிட்டு உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக பர்மா போய், ஊர்க்காரர் மாதிரி பர்மியம் பேசுவாராம். நான் பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தும் என் ஆங்கிலம் அப்படியே நிற்கிறதே? (கண்டனூர்)

பதில்: ஐயாவின் பர்மியத்தைப் பற்றி ஒரு பர்மியர் சொல்லியிருந்தால் நம்பலாம். உங்கள் விஷயம் தெரிந்ததுதான். ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர் ஒருவரை ஓர் ஆய்வாளர் மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 1983-ல் எழுதினார். கலகலப்பாகப் பேசுவார், நண்பர் கூட்டம் பெரிது. இலக்கணம் மட்டும் அசையவே இல்லை. சொல்ல வந்தது மற்றவருக்குப் புரிந்துவிட்டதால், எப்படிச் சொன்னோம் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் பெண்மணி: 21 வயதில் எகிப்து போய், வகுப்புக்கே போகாமல், எகிப்தியரே தம்மவர் என்று நினைக்கும் அளவுக்கு அரபி பேசினார். அவர் புதுச் சொல்லையும் அதன் வடிவத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார், யாராவது திருத்தினால் பிடித்துக்கொள்வார். அப்படி வருபவர்கள் அபூர்வம், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ஆங்கில மின்னஞ்சலில் இறந்தகால வினை எட்டு இடத்தில் நிகழ்காலத்தில் இருக்கிறது. முதலில் அதைத் திருத்தி அனுப்புங்கள்.

கேள்வி: தூங்கும்போது ஹெட்போனில் இந்தி ஓட விட்டால் வருமா? (புதுவயல்)

பதில்: வராது. தூக்கம் கெடும்.