தமிழும் மலையாளமும் எந்த வருடம் பிரிந்தன என்று, ஒத்த சொற்களை எண்ணியே கண்டுபிடித்துவிடலாமாமே? சூத்திரமெல்லாம் இருக்கிறதாம். இது நம்பகமானதா?

நீங்கள் ஏதோ காணொளி பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ‘இத்தனை சதவீதம், ஆகவே இந்த நூற்றாண்டு’ என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் அடித்துச் சொன்னேன், அதுவும் என் ஆய்வேட்டின் முன்னுரையில். அதனால்தான் கை சும்மா இருக்கவில்லை.

மொழியியல் முதுகலை கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பே இதுதான். 1950களில் மோரிஸ் சுவாதேஷ் என்ற அமெரிக்கர் சொன்னது இது: கை, கண், நீர், நாய், குடி, உறங்கு மாதிரியான அடிப்படைச் சொற்களை எல்லா மொழியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இழக்கும். அப்போது புதிதாக வந்திருந்த கார்பன் காலக்கணிப்பைப் பார்த்து வந்த யோசனை. 1953ல் ராபர்ட் லீஸ் 13 மொழிகளின் வரலாற்றை வைத்து வேகத்தை அளந்தார். அவற்றில் 11 இந்தோ-ஐரோப்பிய மொழிகள் என்பதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு 100 சொற்பட்டியலுக்கு, ஆயிரம் ஆண்டில் 86 சதவீதம் தங்கும் என்று வைத்தார்கள். சூத்திரம் இதுதான்:

```
t = ln(c) / (2 × ln(0.86))
```

c என்பது இரு மொழிக்கும் பொதுவாக இருக்கும் சொற்களின் பங்கு, t ஆயிரம் ஆண்டுகளில். இரண்டு மொழியும் தனித்தனியே இழப்பதால் 2.

சரி, எண்ண உட்கார்ந்தேன். நான் விளவங்கோடு தாலுகாக்காரன். களியக்காவிளை தாண்டினால் கேரளம், இந்த வேலைக்கு என்னைவிட்டால் யார் என்ற நினைப்பு வேறு. முதல் முட்டுக்கட்டை ‘நீர்’ என்ற இடத்திலேயே வந்தது. தமிழில் தண்ணீர், மலையாளத்தில் வெள்ளம். வேறு வேறு என்று போட்டேன். ஆனால் தமிழிலும் வெள்ளம் உண்டே, பெருக்கு என்ற பொருளில். ‘சொல்’லுக்கு மலையாளத்தில் பறையுக, அதுவும் வேறு. ஆனால் அவர்களிடமும் சொல்லுக என்பது இருக்கிறது, ஒப்பிப்பதற்கு. உட்காருவதற்கு அவர்கள் இரி என்பார்கள், நம் ‘இரு’வும் அதுவும் ஒரே வேர். உறங்கு இரண்டிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தூங்கு என்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றாடம் புழங்கும் ஒரே சொல்லைத்தான் எடுப்பேன் என்று கறாராக எண்ணினால் 70 வந்தது. வேர் இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தால் போதும் என்று இளக்கினால் 84. சூத்திரத்தில் போட்டால் முதலாவதுக்குச் சுமார் 1180 ஆண்டு, இரண்டாவதுக்கு 580. பதினான்கு சொற்களில் என் மனசு எப்படி இருந்தது என்பதற்கு அறுநூறு ஆண்டு வித்தியாசம். (என் எண்ணிக்கை தப்பு என்று எழுத வருபவர்களே, தப்பாகவே இருக்கட்டும், நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஒரு சொல் கூடினாலோ குறைந்தாலோ நாற்பது ஐம்பது ஆண்டு நகரும்.)

1180 என்பது 9ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. மலையாளத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் வாழப்பள்ளிச் செப்பேட்டின் காலமும் அதுதானே, கிடைத்துவிட்டது என்று குதித்தேன். பொருந்துகிற எண்ணைப் பிடித்துக்கொண்டு பொருந்தாததை மறைத்தேன் என்பதுதான் உண்மை.

அந்த லீவில் ஊருக்குப் போனேன். முற்றத்தில் நின்றுகொண்டு இருந்தவனைப் பார்த்து அம்மச்சி சொன்னாள், “மக்களே, இரி. கொஞ்சம் வெள்ளம் குடி.” கையில் பட்டியல் இருந்தது. மூன்றாவதாக ஒரு நிரல் போட்டு அம்மச்சி பேச்சையும் எழுதினேன். பறை, உறங்கு, தின்னு, நாய்க்குப் பட்டி. தமிழும் மலையாளமும் வேறுபட்ட 30 சொற்களில் 18ல் அவள் மலையாளப் பக்கம், 12ல் தமிழ்ப் பக்கம். ஆக, தமிழோடு 82, மலையாளத்தோடு 88. அம்மச்சி தமிழை விட்டுப் பிரிந்து 660 ஆண்டு, மலையாளத்தை விட்டுப் பிரிந்து 420!

இங்கேதான் விஷயம். மூன்று மொழிகள் ஒரு மரத்தின் கிளைகள், எல்லாக் கிளையும் ஒரே வேகத்தில் சொல்லை உதிர்க்கிறது என்றால், மூன்று எண்ணிக்கையில் சிறிய இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். அம்மச்சி மலையாளக் கிளையில் இருந்தால், தமிழிலிருந்து அவளும் மலையாளமும் பிரிந்தது ஒரே சம்பவம். 70, 70, 88 என்று இருந்திருக்க வேண்டும். வந்ததோ 70, 82, 88. கடிகாரம் ஓடவில்லை, இடையில் ஊர் இருக்கிறது. பக்கத்துச் சந்தை, கல்யாணச் சம்பந்தம், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழி வந்த ஆட்சி என்று எல்லாம் அந்த 82க்குள் உட்கார்ந்திருக்கிறது. சூத்திரத்துக்கு அது தெரியாது, எல்லாவற்றையும் காலமாகவே படிக்கும். கார்பன் அணு பக்கத்து அணுவிடம் சொல் கடன் வாங்குவதில்லை.

இது எங்கள் எல்லைக் கோளாறு மட்டுமில்லை. 1962ல் பெர்க்ஸ்லாந்தும் வோக்ட்டும் நார்வே நாட்டிலிருந்து எழுதிய கட்டுரை இந்த முறையின் அடிமடியில் கை வைத்தது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை ஐஸ்லாந்து மொழியும் நார்வேயின் எழுத்து மொழிகளில் ஒன்றான ரிக்ஸ்மோலும். ஆயிரம் ஆண்டில் முதலாவது 100ல் சுமார் 4 சொல்லை இழந்தது, இரண்டாவது சுமார் 20. தாய்மொழியோடு நேரே ஒப்பிடுவதால் சூத்திரத்தின் 2ஐ விட்டுவிட்டு, 86ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஐஸ்லாந்துக்காரர்கள் 270 ஆண்டுதான் வாழ்ந்திருக்கிறார்கள், நார்வேக்காரர்கள் 1480! பிற்பாடு ரஷ்யாவின் ஸ்டாரோஸ்டின், ரிக்ஸ்மோல் இழந்தவற்றில் பெரும்பகுதி டேனிஷ், ஜெர்மன் கடனால் போனவை, கடனை விலக்கி எண்ணுங்கள் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் கடன் எது என்று தெரிய பழைய எழுத்து வேண்டும். நம் பட்டியலில் ரத்தம், சூரியன் இரண்டும் இரு மொழிக்கும் பொது, இரண்டும் சமஸ்கிருதம். அவற்றை ஒத்த சொல் என்று எண்ணியிருந்த என் 70க்கும் அங்கேயே ஆட்டம்.

சுவாதேஷ் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் சொற்பட்டியல் வைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் வேகம் கிளைக்குக் கிளை மாறலாம் என்று விட்டுவிட்டு, நிகழ்தகவு முறையில், தேதி தெரிந்த இடங்களில் ஆணியடித்து. 2018ல் வந்த திராவிட மொழிகள் பற்றிய ஆய்வு குடும்பத்துக்கே சுமார் 4500 ஆண்டு என்றது. அதுவும் ஒரு வீச்சின் நடுப்புள்ளிதான், பிறந்த தேதி இல்லை.

அப்புறம் வாய்மொழித் தேர்வு. அந்த மூன்றாவது நிரலைக் காட்டினேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “தம்பி, நீங்க மலையாளியா?” என்று கேட்டார். சென்னை விடுதியில் ‘வெள்ளம் இருக்கா’ என்று கேட்டு இரண்டு வருடம் சிரிப்பு வாங்கியவன் நான், அந்தக் கேள்வி புதிதில்லை. ஆனால் அவர் அதற்கு மேல் கணக்கைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எரிச்சல். நூலகத்தில் மொழியியல் புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் கிடந்தன, சாவி வைத்திருந்தவர் வாரம் இரண்டு நாள்தான் வருவார், மேற்படி 1962 கட்டுரை என் கைக்கு வந்ததே ஏடு பைண்டிங் ஆன பிறகு. முன்னுரையில் ‘9ஆம் நூற்றாண்டில் பிரிந்தது உறுதியாகிறது’ என்று நான் எழுதிய வரி இன்றும் அங்கே அச்சில் இருக்கிறது. யாராவது அதை மேற்கோள் காட்டினால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.