விழுங்கேக்க நெஞ்சுக்குள்ள நோகுது: உணவுக்குழாய்ப் பூஞ்சணம், புளுக்கொனசோல் – கேள்வி பதில்

மருத்துவ வார்டிலும் கிளினிக்கிலும் கனகாலம் வேலை செய்த டொக்டர் நான். உணவுக்குழாயில் மதுவம் என்கிற பூஞ்சணம் பிடித்து விழுங்க நோகிறதைப் பற்றி வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயசு. ஒரு கிழமையா விழுங்கேக்க நெஞ்செலும்புக்குப் பின்னால கீறுற மாதிரி நோ. கஞ்சி குடிக்கவே அழுறா. பூஞ்சணம் எண்டு புளுக்கொனசோல் 14 நாளைக்குத் தந்திருக்கினம். ஆனா வாயுக்குள்ள வெள்ளை ஒண்டுமில்லை. வாயில இல்லாதது உள்ளுக்கு எப்பிடி வரும்? (புதுக்குடியிருப்பு)

வரும், தங்கச்சி. இந்த மதுவம் எங்கள் எல்லோருடைய வாயிலும் குடலிலும் சும்மா இருக்கிறதுதான். காவல் குறைகிற இடத்தில் அது படரும். வாய் சுத்தமாக இருக்க, கமரா விட்டுப் பார்த்தால் உணவுக்குழாய் முழுக்கத் தயிராடை ஒட்டினதுபோல் இருந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் அடித்தாலும் அது கழுவுப்படாது. உரித்தெடுத்தால் அடியில் சிவந்து புண்பட்டிருக்கும். அந்தப் புண்ணில் கஞ்சி படுகிறபோதுதான் அம்மா அழுகிறா.

வாயில் வெள்ளை இல்லாத ஒருவருக்கு, மதுவம் படரக்கூடிய காரணமும் ஒன்றும் தெரியாவிட்டால், நான் முதலில் கமராவைத்தான் கேட்பேன். காரணம் இருந்தால் குளிசையைத் தொடங்கிப் பார்க்கலாம். வழமையாக முதல் நாள் 400 மி.கி, அடுத்த நாளிலிருந்து 200 மி.கி, ஒரு நாளைக்கு ஒருதரம். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் நோ நன்றாக இறங்கவேண்டும். இறங்கினால் நோய் அதுதான் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. ஆனால் ஐந்தாம் நாள் சோறு இறங்குது என்று நிற்பாட்டிவிட வேண்டாம். 14 நாளும் போகவேண்டும், சிலருக்கு 21 நாள்.

இனி எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டி, இருக்கிறது எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

நான் பாமசியில நிக்கிறன். இதுக்கு 150 மில்லிகிராம் ஒரே ஒரு கப்சூல் காணும். பொம்பிளையளுக்கு அதைத்தான் குடுக்கிறது. இல்லாட்டி நிஸ்டற்றின் துளி வாயில விட்டு விழுங்கினாலும் சரி. (கிளிநொச்சி)

மருந்து சரி, தம்பி. இடம்தான் வேறு. பெண்ணுறுப்பில் வருகிற சாதாரணப் பூஞ்சணத்துக்கு அந்த ஒரு கப்சூல் போதும். உணவுக்குழாய்க்கு அது காணாது. இரண்டு நாள் நோ குறையும், பிறகு திரும்ப வரும், ஆளும் மருந்து கேட்கவில்லை என்று நினைப்பார். நிஸ்டற்றின் பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்கிற மருந்து, உணவுக்குழாயில் வழுகி ஓடிவிடும். இங்கே ரத்தத்துக்குள் போகிற மருந்து கட்டாயம். உங்களிடம் விழுங்க நோகுது என்று வருகிறவருக்கு ஒரு கப்சூலைக் கொடுத்து அனுப்பாமல், கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

வயலுக்க இறங்க முதல் எலிக்காய்ச்சலுக்கெண்டு பி.எச்.ஐ தந்த குளிசையை இரவு போட்டுட்டுப் படுத்தன். விடிய எச்சில் விழுங்கேலாத நோ. கூட்டாளி சொல்லுறான் இதுவும் பூஞ்சணம்தானாம். அந்தப் பூஞ்சணக் குளிசையை நானும் எடுக்கட்டோ? (ஒட்டுசுட்டான்)

எடுக்கவேண்டாம், ஐயா. உங்களுடையது வேறு கதையாகத்தான் தெரிகிறது. எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கிறது டொக்சிசைக்கிளின். அதை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே சரிந்தால், கப்சூல் உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக் கரைந்து, அந்த இடத்தைச் சுட்டுவிடும். மதுவம் நாட்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். இது ஒரே இரவில் பிடிக்கும், நோகிற இடத்தையும் விரலால் காட்டலாம். உங்களுக்கு அப்படித்தானே?

அநேகம் பேருக்கு ஒன்றிரண்டு கிழமையில் தானாக ஆறும். அதுவரை ஆறின கஞ்சி, பால், இளநீர் எடுங்கள். உறைப்பும் புளியும் வேண்டாம். தண்ணீரே இறங்காவிட்டால், காய்ச்சல் வந்தால், ரத்தமாகச் சத்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த கிழமைக் குளிசையைப் போட முதல் பி.எச்.ஐயிடமோ டொக்டரிடமோ நடந்ததைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும், ஆகையால் தடுப்பு மருந்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பிட்டபின், ஒரு பெரிய கோப்பை தண்ணீரோடு, பகலில் போட்டு அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருந்தால் இந்த வில்லங்கம் அநேகமாக வராது.

பையைக் கொட்டிப் பாத்தன். சீனிக்கு கிளிக்கிளசைட், மெற்போமின். கொழுப்புக்கு அட்டோவாஸ்டட்டின். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல், அது ஒரு வருசமா. இழுப்புக்குக் கப்சூல் போட்டு உறிஞ்சுற பெக்லோமெதசோன். சூடு மிதிக்கிற நேரம் தூசிக்கு இழுப்புக் கூடி, போன மாசம் ரெண்டு தரம் அன்ரிபயோற்றிக் குடிச்சவ. வெறுவயித்துச் சீனி 260. (புதுக்குடியிருப்பு, முதல் கேட்ட மகள்)

உங்கள் கேள்விக்கு விடை அந்த மேசையில்தான் கிடக்கிறது. ஒரு காரணம் இல்லை, நாலு. ரத்தத்தில் ஏறின சீனி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அன்ரிபயோற்றிக், மதுவத்தை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் கொன்றிருக்கும். ஒமெப்ரசோல் வயிற்றின் அமிலத்தைக் குறைத்திருக்கும். உறிஞ்சுகிற ஸ்ரீரோயிட் தூளில் ஒரு பங்கு நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையில் படிந்து, எச்சிலோடு உணவுக்குழாய்க்குள் இறங்கி, அந்த இடத்தின் காவலைக் குறைக்கும். அம்மா உறிஞ்சினதும் என்ன செய்கிறா என்று இன்றைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பலபேர் வாயைக் கொப்பளித்து அந்தத் தண்ணீரை விழுங்கிவிடுகிறார்கள். தொண்டைவரை கொப்பளித்துத் துப்பவேண்டும். சாப்பாட்டுக்குச் சற்று முன் உறிஞ்சினால் மிச்சம் மீதியும் சாப்பாட்டோடு கழுவுப்பட்டுப் போகும். இழுப்பு மருந்தை மட்டும் நிற்பாட்டிவிடாதீர்கள்.

இப்போது எனக்குப் பயம் வேறிடத்தில். புளுக்கொனசோல் கிளிக்கிளசைட்டை உடம்பில் தேங்கவைக்கும். அம்மா நோவுக்குப் பயந்து சாப்பிடுவதுமில்லை. இரண்டும் சேர்ந்தால், இன்றைக்கு 260 இருக்கிற சீனி ஒரு இரவில் அடியோடு விழலாம். வேர்வை, நடுக்கம், பிதற்றல் கண்டால் உடனே சீனித்தண்ணீர் கொடுங்கள். விழுங்கமுடியாத மயக்கமென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாளைக்கே கொப்பியைக் கொண்டுபோய், இந்த 14 நாளும் கிளிக்கிளசைட்டைக் குறைக்கவேண்டுமா, அதேபோல் தேங்கக்கூடிய அட்டோவாஸ்டட்டினை நிறுத்தி வைக்கலாமா, ஒமெப்ரசோல் இனியும் தேவையா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கப்சூலுக்குப் பிறகும் சில நாள் கவனமாக இருங்கள், புளுக்கொனசோல் உடம்பை விட்டு ஆறுதலாகத்தான் போகும்.

நான் வார்டில தாதி. எங்கட பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கூட. கிரியேட்டினின் ஏறின ஆக்களுக்கு டோசைப் பாதியாக்கிறம். முதல் நாள் டோசையும் பாதியாக்கிறதோ? விழுங்கேலாம சத்தி எண்டு டொம்பெரிடோனும் சேத்து எழுதி வருது, அது சரியோ மிஸ்? (வவுனியா)

நல்ல கேள்வி, தங்கச்சி. முதல் நாள் டோஸ் முழுசாகவே. ரத்தத்தில் மருந்தை உரிய மட்டத்துக்கு ஏற்றுவதுதான் அதன் வேலை. புளுக்கொனசோலில் பெரும்பங்கு சிறுநீரோடு அப்படியே வெளியேறுவதால், சிறுநீரகம் வடிக்கிற அளவு நிமிடத்துக்கு 50 மி.லீக்குக் கீழே என்றால் இரண்டாம் நாளிலிருந்து பாதியாக்கலாம். டயலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதை வார்டு டொக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

புளுக்கொனசோலோடு டொம்பெரிடோன் சேர்க்கவேண்டாம். இரண்டும் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியவை. எழுதி வந்தால் கொடுக்க முதல் டொக்டருக்குச் சொல்லுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க வோபரின் எடுக்கிறவர் என்றால் ஐ.என்.ஆர் ஏறும், அதையும் அடிக்கடி பார்க்கவேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்றால் தொடங்கவே முதல் கேளுங்கள்.

அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். நோ பெரிசா இல்லை, சோறு இறங்காம நிக்குது. மூண்டு மாசமா. இப்ப பாண் நனைச்சுத்தான் சாப்பிடுறார். மெலிஞ்சிட்டார். வெத்திலை, புகையிலை போடுறவர். நானும் அந்தக் கப்சூலை வாங்கிக் குடுக்கட்டோ? (மல்லாவி)

இதே வருத்தம் இல்லை, பிள்ளை. நோகிறது வேறு, அடைக்கிறது வேறு. முதலில் சோறு, பிறகு பாண் என்று படிப்படியாக அடைத்து ஆளும் மெலிந்தால், புற்றுநோய் இல்லை என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு குளிசையும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் எண்டோஸ்கோப்பிக்குப் பதியுங்கள். வெற்றிலையையும் புகையிலையையும் இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கள்.

எனக்கு 31. கமரா விட்டுப் பாத்து, சதை எடுத்து, மதுவம் எண்டு உறுதியாச் சொன்னவை. 21 நாள் குளிசை எடுத்துச் சுகம். ரெண்டு மாசத்தால திரும்ப வந்திட்டுது. சீனி இல்லை, இழுப்பு இல்லை, ஒரு மருந்தும் எடுக்கிறதில்லை. எச்.ஐ.வி பாக்கச் சொல்லுறினம். நான் அப்படி ஆள் இல்லை. (மன்னார்)

தம்பி, நீங்கள் எப்படி ஆள் என்று அந்தப் பரிசோதனை கேட்காது. 31 வயதில் காரணமே இல்லாமல் உணவுக்குழாயில் மதுவம் வந்தால், முதல் தரமே பார்த்திருக்கவேண்டும். இரண்டாம் தரம் என்றால் தள்ளிப்போட இடமேயில்லை. எச்.ஐ.வியால் இது வருவதென்றால், காவல் செய்கிற சி.டி.4 அணுக்கள் வழமையாக 200க்குக் கீழே இறங்கின பிறகுதான் வரும். அதற்குப் பல வருடம் எடுக்கும். ஆகையால் தொற்றி மூன்று மாதம் ஆகாவிட்டால் தெரியாமல் போகுமே என்ற யோசனையும் உங்களுக்கு வேண்டாம், இருந்தால் இப்போதே தெரியும். ஆஸ்பத்திரிப் பாலியல் நோய்க் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பார்ப்பார்கள். இருந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்தால் காவல் திரும்ப ஏறும், இந்த மதுவமும் திரும்பத் திரும்ப வராது.

பாத்தன். இல்லை எண்டு வந்திட்டுது. அப்ப விடலாம்தானே?

சந்தோசம், ஆனால் விடேலாது. முழு ரத்த எண்ணிக்கையும் மூன்று மாதச் சீனியும் பார்த்தார்களா? வெள்ளை அணுவில் லிம்போசைற்று எத்தனை என்று எழுதுங்கள். ஜிம்முக்கோ மூட்டு நோவுக்கோ யாரும் தந்த பெயரில்லாத தூள், குளிசை எடுத்தீர்களா? அதற்குள் ஸ்ரீரோயிட் இருக்கலாம். இன்னொன்று: இரவு படுத்தபின் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வருகிறதா, தண்ணீர்கூடச் சிலவேளை நின்று இறங்குகிறதா? உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்காதவர்களுக்குச் சாப்பாடு தேங்கி, அதில் மதுவம் வளரும். எதிர்ப்புச் சக்தியில் ஒரு பிழையும் இராது. அப்படியென்றால் பேரியம் குடிக்கவைத்துப் படம் எடுக்கவேண்டும்.

தண்ணி சிலநேரம் நிண்டுதான் இறங்குது. நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. சின்னனில இருந்தே ஆறுதலாத்தான் சாப்பிடுறனான்.

அதை இந்த வசனத்தோடேயே டொக்டரிடம் சொல்லுங்கள், தம்பி. இரண்டாம் குளிசைச் சுற்று முடியும்வரை காத்திராமல் இப்போதே சொல்லுங்கள். படம் எடுத்தபின் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.