சாட்சி இடத்தில் கையெழுத்துப் போடும் முன்

*"தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி டாக்டர் போன் செய்து, 'கன்சென்ட் வாங்கி வெச்சிடுங்க சிஸ்டர்' என்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு சாட்சியாக நானே கையெழுத்துப் போடுகிறேன். மயக்கத்தில் வருபவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூட வந்தவர் யாரோ அவரிடம் வாங்கிவிடுகிறோம். நாளைக்கு ஏதாவது என்றால் நான்தானே மாட்டுவேன்?"*

நாளை டியூட்டிக்குப் போனதும் அந்தப் படிவத்தை எடுத்து, சாட்சி இடத்துக்கு மேலே பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். சில படிவங்களில் "மேற்கண்டவர் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்" என்று மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் "மருத்துவர் விளக்கியபோது நான் உடனிருந்தேன்" என்று இருக்கும். முதல் வாக்கியத்துக்கு நீங்கள் தாராளமாகச் சாட்சி சொல்லலாம். இரண்டாவதன் கீழே, டாக்டர் வார்டு பக்கமே வராத ராத்திரியில் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சிக்கல் வந்தால் அது அங்கிருந்துதான் வரும்.

என்ன ஆபரேஷன், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்குவது ஆபரேஷன் செய்யும் டாக்டரின் வேலை. அதை அவர் போனில் உங்கள் தலையில் கட்ட முடியாது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான், என் கண் முன்னால் போட்டார், தெளிவாக இருந்தார், யாரும் மிரட்டவில்லை என்பதற்கு மட்டுமே நீங்கள் சாட்சி.

எழுதப் படிக்கத் தெரியாதவர் விஷயத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. படித்தவர் கையெழுத்துப் போட்டால், அவர் படித்துப் பார்த்திருப்பார் என்று காகிதமே ஓரளவு பேசும். கைநாட்டு அப்படிப் பேசாது. காகிதத்தில் உள்ளதை அவருக்கு யார் வாசித்துக் காட்டினார், எந்த மொழியில், அது படிவத்தில் உள்ளதுதானா என்பதற்கும் அங்கே ஒரு சாட்சி வேண்டும். மருந்து ஆய்வுகளுக்கான இந்திய விதிகள் இதை வெளிப்படையாகவே கேட்கின்றன: பங்கேற்பவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஒப்புதல் பெறும் நேரம் முழுக்க ஒரு நடுநிலைச் சாட்சி கூடவே இருக்க வேண்டும். வார்டில் நடக்கும் ஆபரேஷனுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் பின்பற்றத் தகுந்த வழக்கம் அதுதான் என்பது என் கருத்து.

கைநாட்டுப் பாட்டிகளைவிட எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள். அறிவொளி இயக்க வகுப்பில் பெயரெழுதக் கற்றுக்கொண்டு, அதற்கு மேல் போகாதவர்கள் நம் ஊர்களில் ஏராளம். படிவத்தில் அழகாக 'மாரியம்மாள்' என்று இருக்கும். ஆங்கிலப் படிவம் வேறு. பின்னால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால் பேனாவை நீட்டும் முன், "படிச்சுப் பார்க்கிறீங்களா, நான் வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்படாமல் பதில் சொல்ல அந்தக் கேள்வி இடம் கொடுக்கும்.

நான் வார்டில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிப் பாட்டி ஒருவர், வலது காலில் ஆறாத புண். மறுநாள் காலை தியேட்டர். மகன் வெளியே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்து, "எங்க போடணும் சிஸ்டர்?" என்று பேனாவைக் கேட்டார். படிவத்தில் "புண் சுத்தம் செய்தல், விரல் நீக்கம், தேவைப்பட்டால் முழங்காலுக்குக் கீழ் கால் நீக்கம்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பாட்டி, நாளைக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டேன். "புண்ணக் கழுவி கட்டு மாத்துவாங்களாம், மயக்க ஊசி போட்டு" என்றார்.

மகனிடம் பேனாவைக் கொடுக்கவில்லை. தெளிவாக இருக்கும் வயதுவந்த ஒருவருக்காகப் பிள்ளையோ கணவனோ கையெழுத்துப் போட முடியாது. கைநாட்டுக்காரர் என்பதால் ஒருவர் தன் காலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை இழப்பதில்லை. பாட்டிக்கு மைப்பெட்டியையும் நீட்டவில்லை. டாக்டரைப் போனில் அழைத்து, "பேஷன்ட்டுக்குக் கால் எடுக்க நேரலாம்னு தெரியல சார், நீங்க வந்து சொன்னாத்தான் வாங்க முடியும்" என்றேன். சிடுசிடுத்தார். ஆனாலும் காலையில் அரை மணி முன்னதாக வந்து, கட்டிலருகே நின்று தமிழில் சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "விரலோட போகட்டும், அதுக்கு மேலன்னா என்னை எழுப்பிக் கேளுங்க" என்றார். படிவத்தில் கால் நீக்க வரியை டாக்டர் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அதன்பிறகுதான் கைநாட்டு.

பாட்டி கேட்டது சட்டப்படியும் சரியான கோரிக்கை. டெல்லியில் 1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்க்கவும் தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கினார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் நீக்கப்பட்டன. சமீரா கோலி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் வருவது இதுதான். 2008-ல் உச்ச நீதிமன்றம், தாயின் ஒப்புதல் செல்லாது என்றது. அவர் வயதுவந்தவர், தற்காலிக மயக்கம்தான், தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம், அதுவரை உயிருக்கு ஆபத்தும் இல்லை. டாக்டர் கட்டணம் கேட்க முடியாது, 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. தியேட்டர் வாசலில் படிவத்தோடு அனுப்பப்படும் நர்ஸ்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய வழக்கு.

நிஜமான அவசரம் வேறு. பைக்கில் விழுந்து, தலைக்குள் ரத்தம் கட்டி, பெயர்கூடத் தெரியாமல் 108-ல் வருகிறார் ஒருவர். அவரையும் கேட்க முடியாது, அவருக்காகப் பேச உரிமையுள்ளவரை உரிய நேரத்தில் பிடிக்கவும் முடியாது. அந்த நிலையில் அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதற்கு ஒப்புதல் தேவையில்லை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 92. அதில் தரப்பட்ட உதாரணமே, குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்தவருக்கு மண்டையோட்டில் துளை போடும் சர்ஜன்தான். குதிரை பைக்காகிவிட்டது, அவ்வளவே.

இங்கே பலர் செய்யும் தவறு, தூக்கிவந்த ஆட்டோக்காரரிடமோ சக தொழிலாளியிடமோ கையெழுத்து வாங்கி மனதைத் தேற்றிக்கொள்வது. அந்தக் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அதைவிட, தாமதித்தால் என்ன ஆகும் என்று இரண்டு டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிடுவது பலமானது. உங்கள் பங்குக்கு, உறவினரைத் தேடிய முயற்சிகளை நேரத்தோடு எழுதுங்கள்: எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, யார் எடுத்தார், போலீஸுக்கு எப்போது சொன்னோம். போனில் மனைவி கிடைத்தால் டாக்டர் பேசட்டும். ஸ்பீக்கரில் போட்டு நீங்களும் இன்னொருவரும் கேளுங்கள், இருவரும் எழுதுங்கள். மறுநாள் அவர் வந்து கையெழுத்துப் போடும்போது மறுநாள் தேதியையே போடச் சொல்லுங்கள். முந்தைய தேதி போட்ட ஒரு கையெழுத்து, மற்ற எல்லா உண்மைகளையும் பொய்யாக்கிவிடும்.

பிள்ளைகளுக்கு வருவோம். 18 வயது நிறையும் வரை தாயோ தந்தையோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும் என்பதே மருத்துவமனை வழக்கம். தண்டனைச் சட்டம் 12 வயதை ஒரு எல்லையாகப் பேசுகிறது என்று யாராவது வாதாடினாலும், 15 வயதுப் பையனின் கையெழுத்தை மட்டும் நம்பி ஆபரேஷனுக்கு அனுப்பாதீர்கள். அதே சமயம் அவனுக்கும் விளக்கி, அவன் சம்மதத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

நம் ஊரில் நிஜமாக வரும் சிக்கல், அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள், பேரனைக் கூட்டி வருவது அப்பத்தாதான். வளர்ப்பவர் அவர் என்றாலும் சட்டப்படியான காப்பாளர் பெற்றோர்தான். ஹெர்னியா போல நாள் குறித்துச் செய்வது என்றால், பெற்றோர் வரும் வரை தள்ளிப் போடுங்கள். குடல்வால் வெடிக்கும் நிலை என்றால் பெற்றோரிடம் போனில் பேசி, மேலே சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். போனும் கிடைக்காவிட்டால் அவசர விதிதான் பொருந்தும். அப்பத்தாவின் ரேகையையும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

கைநாட்டு வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். மயக்கத்துக்கு முந்தைய ஊசி போடும் முன்பே வாங்கிவிடுங்கள். ஊசி ஏறிய கையின் ரேகைக்கு மதிப்பில்லை. இடது பெருவிரலை மையில் லேசாக ஒற்றிக் காகிதத்தில் ஒரே முறை பதியுங்கள். தீற்றிவிட்டால் அதன் மேலேயே மறுபடி வைக்காமல், கீழே புதிதாக ஒன்று வையுங்கள். இடது கையில் மாவுக்கட்டு இருந்தால் வலது விரல், காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். "இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை" என்று எழுதியவர் தன் பெயரையும் போட வேண்டும். சாட்சியாகப் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் முதலில், நீங்கள் இரண்டாவதாக. நர்ஸ் சாட்சியாக இருக்கக் கூடாது என்றில்லை. ஆனால் நீங்கள் மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவர், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.

டாக்டர் வர மறுத்தால் சண்டை வேண்டாம். வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள், பிறகு நர்ஸஸ் ரிப்போர்ட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாட்டி விஷயத்தில் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "இரவு 8.40. செய்யவிருக்கும் ஆபரேஷன் பற்றி நோயாளியிடம் கேட்டபோது, புண் கழுவுவதாக மட்டும் கூறினார். கால் நீக்கம் பற்றி அறியவில்லை. 8.50க்கு டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. படிவத்தில் ஒப்புதல் பெறப்படவில்லை." மறுநாள் அதன் கீழேயே, டாக்டர் எத்தனை மணிக்கு வந்து தமிழில் விளக்கினார், கூட யார் இருந்தார்கள், நோயாளி எதற்குச் சம்மதித்தார், எதற்கு மறுத்தார் என்று மூன்று வரி சேர்த்தேன்.