தோப்பில் முளைத்த வெள்ளைக் காளான்: போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

"ஐயா, உச்சிப்புளி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மழைக்கு அப்புறம் வெள்ளைக் குடையாகக் காளான் முளைத்திருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். புற்றுக்காளான்தான், குழம்பு வைக்கலாம் என்கிறார் மாமியார். சாப்பிடலாமா?"

சாப்பிட வேண்டாம். படத்தில் தெரிவது குடையின் மேல்பக்கம் மட்டும். முடிவு சொல்ல வேண்டிய விஷயமெல்லாம் குடைக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

தோப்பிலும் புல்தரையிலும் முளைக்கும் ஒரு வெள்ளைக் குடைக்காளான் உண்டு. குளோரோஃபில்லம் என்பார்கள். நடுவில் பழுப்புச் செதில் இருக்கும். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் புரட்டி எடுத்துவிடும். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளும் வெள்ளைதான். முற்றினால்தான் பச்சை ஏறும். இளங்காளானை எத்தனை கோணத்தில் எடுத்து அனுப்பினாலும் அந்தப் பச்சை படத்தில் விழாது.

விரிந்த குடை ஒன்றைக் காம்பு நீக்கி, மடிப்பு கீழே வரும்படி வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். பச்சையாக இருந்தால் குப்பையில் போடுங்கள். வெள்ளையாக இருந்தாலும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஈரலைக் கெடுக்கும் அமானிட்டா காளான்களின் தூளும் வெள்ளைதான்.

மாமியார் சொல்லும் புற்றுக்காளான் நல்ல உணவு, அதில் சந்தேகமில்லை. கறையான் கூட்டிலிருந்தே முளைப்பதால் அதன் காம்பு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் போகும். குடையின் நடுவில் கூர்மையான குமிழ் இருக்கும். தூள் இளஞ்சிவப்பு. ஆனால் காம்பைத் தரைமட்டத்தில் கிள்ளி எடுத்தால் அந்த வேர் மண்ணோடு போயிற்று. கம்பியால் மெல்லத் தோண்டி, கறையான் கூடு வரை போகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். பழகின கைக்கு இது தெரியும். அந்தக் கையும் பறித்த இடத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும். கூடையில் வந்ததைப் பார்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதனால்தான் மழைக்காலத்தில் ரோட்டோரம் காம்பை நறுக்கி, கழுவி, "புற்றுக்காளான்" என்று கூறுகட்டி விற்பவர்களிடம் வாங்காதீர்கள் என்கிறேன். நறுக்கின பிறகு சாட்சியே இல்லை. போட்டோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு "ஓகே, சாப்பிடலாம்" என்று வாட்ஸாப்பில் பதில் போடுபவர்கள் இன்னும் மோசம். வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலோ, பால்காளான் வளர்ப்புத் துண்டறிக்கையைக் கையில் கொடுத்து அடுத்த மேசையைக் காட்டுவார்கள். காட்டுக்காளானை வாங்கிப் பார்க்க யாருக்கும் உத்தரவு கிடையாதாம்!

மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும், ஆடு தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் உதவாது. அமானிட்டா விஷம் கொதித்தாலும் போகாது.

ஏற்கெனவே யாராவது சாப்பிட்டிருந்தால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு மணி நேரம் கழித்து வாந்தி பேதி தொடங்கினால் இன்னும் ஆபத்து. அது ஒரு நாளில் நின்றுவிடும், ஆள் தேறின மாதிரி தெரியும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சமான காளானைக் காகிதப் பையில் கையோடு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அழுகிவிடும்.